கரும்பு மகசூல் மதிப்பீடு: ஊர்ச் சராசரியும் தனி வயலும்

சத்தியமங்கலம் வட்டாரத்தில் பவானி நதிப் பாசனத்திலும் கிணற்றுப் பாசனத்திலும் கரும்பு பயிரிடும் விவசாயிகள், வெட்டுக்கு இரண்டு மாதம் முன்னதாகவே தங்கள் பயிரின் மகசூலை மதித்துக் கொள்வது வழக்கம். வெட்டு ஆட்களுக்கு முன்பணம் கொடுப்பதும், வண்டி பேசுவதும், கடனுக்குத் தவணை சொல்வதும் இந்த மதிப்பைக் கொண்டே நடைபெறுகின்றன. ஊர் முழுவதற்கும் எத்தனை டன் கரும்பு விளையும் என்று கணக்கிட வேண்டிய பொறுப்பு கிராம அதிகாரிகளுக்கும் ஆலையின் கரும்பு அலுவலர்களுக்கும் உண்டு. இவ்விரு சாராரும் ஒரே கணக்கையே பார்க்கின்றனர். ஆனால் இருவர் கேட்கும் கேள்வியும் ஒன்றல்ல. "இத்தகைய வயல்களின் சராசரி மகசூல் என்ன?" என்பது ஒரு கேள்வி. "இந்த ஒரு வயலில் என்ன விளையும்?" என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்கு உரிய விடையை இரண்டாவது கேள்விக்கு விடையாகக் கொண்டவர்கள் நஷ்டமடைய நேரிடுகிறது. அந்த வித்தியாசத்தை ஓர் உதாரணத்தைக் கொண்டு விளக்குவதே இங்கு நோக்கமாகும்.

கரும்புகளை எண்ணும் முறை

பத்து மாதப் பயிரில் ஆலைக்கு ஏற்ற கரும்புகளின் எண்ணிக்கையை அறிவது கடினமன்று. பார்கள் மூன்றடி இடைவெளியில் இருந்தால் ஓர் ஏக்கரில் 14,520 அடி நீளமுள்ள பார் அமைந்திருக்கும். வயலின் வெவ்வேறு பகுதிகளில், ஓரத்தை விட்டு, பத்து இடங்களைத் திருவுளச்சீட்டு முறையில் தேர்ந்து, ஒவ்வோரிடத்திலும் பத்தடி நீளத்தில் உள்ள கரும்புகளை எண்ண வேண்டும். நன்கு விளைந்த இடத்தையே கண் நாடுவது இயல்பாதலால், இடங்களைக் கண்ணால் தேர்ந்தெடுத்தலாகாது. பின்தங்கிய இளஞ்சிம்புகளையும் காய்ந்தவற்றையும் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. நூறடியில் 275 கரும்புகள் இருக்குமாயின், ஏக்கருக்கு ஏறக்குறைய 40,000 கரும்புகள் என்று கொள்ளலாம்.

எண்ணிக்கை தெரிந்த மாத்திரத்தில் எடை தெரிந்துவிடாது. கரும்பு ஒன்று 850 கிராம் வீதம் இருந்தால் 40,000 கரும்புக்கு 34 டன் ஆகும். ஒரு கிலோ வீதம் இருந்தால் 40 டன் ஆகும். கணுவிடைத் தூரம், தடிப்பு, இடைக்கணுப்புழுவின் சேதம், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த அளவு, கரும்பு சாய்ந்ததா நின்றதா என்பது, வெட்டிய கரும்பு எடை மேடைக்குப் போகும் முன் எத்தனை நாள் காய்ந்தது என்பது ஆகிய பல காரணங்கள் எடையைக் கூட்டியும் குறைத்தும் விடுகின்றன. ஆகவே எண்ணிக்கைக்கும் எடைக்கும் உள்ள தொடர்பைப் பல வயல்களில் கண்டறிந்து, அதைக் கொண்டே புதிய வயலை மதிக்க வேண்டும்.

பத்து வயல்களின் கணக்கு

கீழே காணும் எண்கள் விளக்கத்திற்காக எளிமையாக அமைத்துக் கொண்டவை. எந்த ஊரிலும் எடுத்த அளவுகள் அல்ல. வயல்கள் யாவும் ஒவ்வோர் ஏக்கர் பரப்புள்ளவை என்றும், ஒரே ரகத்தின் நடவுப் பயிர் என்றும் வைத்துக் கொள்வோம். மறுதாம்புப் பயிரை இவற்றுடன் கலக்கக் கூடாது; அதற்குத் தனிக் கணக்கு வேண்டும்.

| வயல் | கரும்பு (ஆயிரம்) | மகசூல் (டன்) |
|---|---|---|
| 1 | 32 | 32 |
| 2 | 34 | 29 |
| 3 | 36 | 32 |
| 4 | 38 | 40 |
| 5 | 40 | 35 |
| 6 | 40 | 41 |
| 7 | 42 | 37 |
| 8 | 44 | 44 |
| 9 | 46 | 46 |
| 10 | 48 | 44 |

கட்டத்தாளில் கரும்பு எண்ணிக்கையைக் குறுக்கிலும் மகசூலை நெடுக்கிலும் குறித்துப் பார்த்தால், பத்துப் புள்ளிகளும் மேல்நோக்கிச் செல்லும் ஒரு நேர்கோட்டின் இரு மருங்கிலும் சிதறியிருக்கக் காணலாம். புள்ளிகளுக்கும் கோட்டிற்கும் உள்ள நெடுக்குத் தூரங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைந்த தொகை வரும்படி அமையும் கோட்டையே தொடர்புப் போக்குக் கோடு என்பர். இந்தப் பத்து வயல்களுக்கு அக்கோடு சொல்லும் விதி மிகவும் எளியது: ஆயிரத்தில் சொன்ன கரும்பு எண்ணிக்கையிலிருந்து 2 கழித்தால் மகசூல் டன்னில் கிடைக்கும். 40 ஆயிரம் கரும்புக்கு 38 டன். 44 ஆயிரத்திற்கு 42 டன்.

கோடு சொன்ன மகசூலுக்கும் உண்மையில் விளைந்ததற்கும் உள்ள வித்தியாசங்கள் முறையே 2, −3, −2, 4, −3, 3, −3, 2, 2, −2 டன் ஆகின்றன. இவற்றின் வர்க்கங்களைக் கூட்ட 72 வரும். பத்து வயல்களில் கோட்டின் உயரத்தையும் சாய்வையும் நிர்ணயிக்க இரண்டு செலவானதால், மீதமுள்ள 8-ஆல் வகுக்க 9 ஆகும். அதன் வர்க்கமூலம் 3. ஒரே எண்ணிக்கையுள்ள வயல்களும் தமக்குள் ஏறக்குறைய 3 டன் அளவிற்கு ஏறியும் இறங்கியும் விளைகின்றன என்பது இதன் பொருள். இந்த 3 டன்னை வயலின் சிதறல் எனலாம். இனிச் சொல்லப்போவது யாவற்றிற்கும் இதுவே ஆதாரம்.

இருவகை ஐயப்பாடு

ஏக்கருக்கு 44 ஆயிரம் கரும்பு நிற்கும் புதிய வயல் ஒன்று உள்ளது. கோடு 42 டன் என்கிறது. இதில் இருவகை ஐயப்பாடுகள் உள்ளன.

முதலாவது, கோடே சரியான இடத்தில் இருக்கிறதா என்பது. வேறு பத்து வயல்களை எடுத்திருந்தால் கோடு சற்று மேலோ கீழோ, சற்றுச் சாய்ந்தோ நிமிர்ந்தோ அமைந்திருக்கும். வயல்களைக் கூட்டிக்கொண்டே போனால் இந்த ஐயம் குறைந்துகொண்டே வரும்.

இரண்டாவது, கோடு முற்றிலும் சரியாகவே இருந்தாலும், இந்த வயல் கோட்டின்மீதே நிற்குமா என்பது. 44 ஆயிரம் கரும்புள்ள வயல்கள் நூறு இருந்தால் அவை யாவும் 42 டன் விளைவதில்லை; 3 டன் சிதறல் அவற்றிற்குள்ளேயே இருக்கிறது. எத்தனை வயல்களைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் இந்த ஐயம் குறையாது. கணக்கர் கற்றுக்கொள்வதால் நிலம் ஒரே சீராகிவிடுவதில்லை அல்லவா?

சராசரியைக் கேட்பவருக்கு முதலாவது ஐயம் மட்டுமே உண்டு. ஏனெனில் பல வயல்களைக் கூட்டிப் பார்க்கையில் ஒன்றின் ஏற்றம் மற்றொன்றின் இறக்கத்தை ஈடுசெய்கிறது. தன் ஒரு வயலைக் கேட்பவருக்கோ இரண்டு ஐயங்களும் சேர்ந்தே உண்டு. சராசரிக்குச் சொல்லும் எல்லையைப் புள்ளியியலார் நம்பிக்கை இடைவெளி என்பர். தனி வயலுக்குச் சொல்லும் எல்லையை முன்கணிப்பு இடைவெளி என்பர்.

கணக்கிடும் விதம்

முதலில் சராசரியின் எல்லை. வயல்களின் எண்ணிக்கை பத்து. ஆகவே 1/10 என்று எழுதுக. பத்து வயல்களின் சராசரிக் கரும்பு எண்ணிக்கை 40 ஆயிரம். புதிய வயல் அதிலிருந்து 4 விலகியுள்ளது; அதன் வர்க்கம் 16. பத்து வயல்களும் 40-லிருந்து விலகியுள்ள அளவுகளின் வர்க்கங்களைக் கூட்ட 240 வரும். 16-ஐ 240-ஆல் வகுத்து, 1/10 உடன் கூட்டுக:

1/10 + 16/240 = 0.1667

இதன் வர்க்கமூலம் 0.408. சிதறலாகிய 3-ஆல் பெருக்க 1.22 டன். நூற்றில் 95 தடவை சரியாக இருக்கும்படி எல்லை சொல்ல வேண்டுமானால், இதை 2.306-ஆல் பெருக்க வேண்டும். டப்ளினில் கின்னஸ் மதுவாலையில் பணிபுரிந்த காசெட் என்பவர் 'ஸ்டூடண்ட்' என்னும் புனைபெயரில் 1908-ல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து தோன்றிய அட்டவணையில், வயல்கள் பத்தாக இருக்கும்போது இத்தகைய கோட்டிற்குரிய எண் இதுவாகும். பெருக்க 2.8 வரும். ஆகவே 44 ஆயிரம் கரும்புள்ள வயல்களின் சராசரி மகசூல் 39.2 முதல் 44.8 டன் வரை இருக்கலாம்.

தனி வயலின் எல்லைக்குச் செய்ய வேண்டிய மாறுதல் ஒன்றே. வர்க்கமூலம் காணும் முன் ஒன்றைக் கூட்ட வேண்டும்:

1 + 1/10 + 16/240 = 1.1667

அந்த ஒன்றுதான் வயலின் சொந்தச் சிதறல். வர்க்கமூலம் 1.080, 3-ஆல் பெருக்க 3.24, 2.306-ஆல் பெருக்க 7.5 டன். ஆகவே இந்த ஒரு வயலில் 34.5 முதல் 49.5 டன் வரை விளையலாம். நடு மதிப்பு இரண்டிலும் 42 டன்னே. எல்லையின் அகலமோ 5.6 டன்னுக்குப் பதிலாக 15 டன்.

பத்து வயல்களுக்குப் பதிலாக நூறு வயல்களை அளந்திருந்து, சிதறல் அதே 3 டன்னாக இருந்தால், நடு இடமாகிய 40 ஆயிரத்தில் சராசரியின் எல்லை இருபுறமும் 2.2 டன்னிலிருந்து 0.6 டன்னாகச் சுருங்கிவிடும். தனி வயலின் எல்லையோ 7.3-லிருந்து 6.0 டன்னுக்கே இறங்கும். அதற்குமேல் எவ்வளவு அளந்தாலும் 5.9-க்குக் கீழே போவதில்லை.

கடனாளிக்கு நேரும் பிழை

44 ஆயிரம் கரும்பு நிற்கும் ஓர் ஏக்கரின் உரிமையாளர், "39 முதல் 45 டன்" என்னும் சராசரி எல்லையைக் கேள்வியுற்று, "எவ்வளவு மோசமானாலும் 39 டன்னுக்குக் குறையாது" என்று நம்பி, 39 டன்னின் கிரயத்தைக் கடன் தவணைக்கு ஈடாகச் சொல்லிவிடுகிறார் என்று வைத்துக் கொள்வோம். தவறும் சந்தர்ப்பம் நாற்பதில் ஒன்றே என்று அவர் எண்ணுகிறார். உண்மையில் அவருடைய வயல் 39 டன்னுக்குக் குறையும் சந்தர்ப்பம் ஐந்தில் ஒன்று. வயல் 36 டன் விளைந்தால், மூன்று டன் கிரயத்தை வேறு வழியில் தேட வேண்டியவராகிறார். கணக்கு தவறிவிட்டதென்று அப்போது குறை கூறுவதில் பயனில்லை. கணக்கு தவறவில்லை, அவர் கேட்ட கேள்விக்கு உரிய கணக்கை அவர் பார்க்கவில்லை.

அவர் செய்திருக்க வேண்டியது இது. உச்சவரம்பு அவருக்குத் தேவையில்லை. "இதற்குக் கீழே போவது அரிது" என்னும் கீழெல்லை ஒன்றே போதும். இருபதில் ஒரு தடவைக்குமேல் தவறலாகாது என்றால் 2.306-க்குப் பதில் 1.860-ஐக் கொள்ள வேண்டும். 3.24-ஐ 1.860-ஆல் பெருக்க 6.0, 42-லிருந்து கழிக்க 36 டன். கடனுக்கு 36 டன்னையே சொல்லிவிட்டு, மேற்கொண்டு விளைந்தால் அதை லாபமாகக் கொள்வதே அவருக்கு உசிதம். ஆனால் வெட்டு ஆட்களையும் வண்டியையும் பேசும்போது மேலெல்லையையும் மறக்கலாகாது. 42 டன்னுக்கே ஏற்பாடு செய்திருந்து 48 டன் விளைந்தால், வெட்டிய கரும்பு வயலிலேயே காய்ந்து எடை குறையும்.

கிராம அதிகாரிக்கு நேரும் பிழை

கிராம அதிகாரி எதிர்ப்பக்கமாகத் தவறக்கூடும். ஊரில் ஏக்கருக்கு 40 ஆயிரம் கரும்பு வீதம் நிற்கும் ஒரே ஏக்கர் வயல்கள் 25 இருப்பதாகக் கொள்வோம். தனி வயலின் எல்லை 30.7 முதல் 45.3 டன். இதை 25-ஆல் பெருக்கி, ஊர் மகசூல் 768 முதல் 1,132 டன் என்று அறிக்கை அனுப்பினால், அந்த அறிக்கையைக் கொண்டு லாரிகளையோ வெட்டுக் குழுக்களையோ ஒருவரும் திட்டமிட இயலாது. இருபத்தைந்து வயல்களும் ஒரே சமயத்தில் அடிமட்டத்திற்குப் போவதாக அது கற்பனை செய்கிறது.

ஒன்றைக் கூட்டிய இடத்தில் அவர் 1/25-ஐக் கூட்ட வேண்டும்: 1/25 + 1/10 = 0.14. 40 ஆயிரம் நடு மதிப்பேயாதலால் விலகல் இல்லை. வர்க்கமூலம் 0.374, 3-ஆலும் 2.306-ஆலும் பெருக்க 2.6 டன். இது வயலொன்றுக்கு உள்ள எல்லை. 25 வயல்களுக்கு 65 டன். ஆகவே ஊர் மகசூல் 950 டன், அதாவது 885 முதல் 1,015 வரை. இவ்வறிக்கையே உபயோகமானது. ஒரு வயலுக்கு 1, நான்கு வயலுக்கு 1/4, இருபத்தைந்துக்கு 1/25 என்று வயல்கள் கூடக்கூடத் தனிச் சிதறலின் பங்கு குறைந்து, கோட்டின் ஐயம் மட்டுமே எஞ்சுகிறது.

இதே வேறுபாடு பயிர்க் காப்பீட்டிலும் உண்டு. 1940-களில் பான்சே, சுகாத்மே ஆகியோர் வகுத்த பயிர் அறுவடைப் பரிசோதனை முறையை ஒட்டி, திருவுளச்சீட்டில் விழுந்த வயல்களில் சிறு கண்டம் அளந்து அறுத்து, ஊரின் அல்லது பிர்க்காவின் சராசரி மகசூலைக் காண்கின்றனர். 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பெரும்பாலும் இந்தச் சராசரியைக் கொண்டே இழப்பு தீர்மானிக்கப்படுகிறது. சராசரி சரியாக அளக்கப்பட்டிருந்தும், தன் வயல் அழிந்த ஒருவருக்கு ஈடு கிடைக்காமற் போவதும், நன்கு விளைந்தவருக்கு ஈடு கிடைப்பதும் இதனாலேயே. அளவையில் மோசடி நடந்ததென்று ஐயுறுமுன், சராசரியும் தனி வயலும் வெவ்வேறு என்பதை நினைவிற் கொள்வது நலம்.

எல்லை தவறானதென்று அறிவது எப்படி?

ஒருவர் கொடுத்த எல்லை சராசரிக்குரியதா தனி வயலுக்குரியதா என்று சொல்லப்படாவிட்டால், சோதிக்க எளிய வழி உண்டு. மேற்சொன்ன பத்து வயல்களின் உண்மை மகசூலை எல்லையுடன் ஒப்பிடுக. சராசரி எல்லைக்கு வெளியே 4, 5, 6, 7-ஆம் வயல்கள் நான்கும் விழுந்துவிடுகின்றன. உதாரணமாக 40 ஆயிரத்தில் சராசரி எல்லை 35.8 முதல் 40.2 வரை, விளைந்தனவோ 35-ம் 41-ம். தனி வயல் எல்லைக்கு வெளியே ஒன்றும் விழவில்லை. நூற்றுக்கு 95 என்று சொல்லப்பட்ட எல்லையை விட்டுப் பத்தில் நான்கு வயல்கள் வெளியே நின்றால், அது தனி வயலுக்கு உரியதன்று என்பது தெளிவு.

தனி வயல் எல்லையும் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டதே. அளந்த வயல்களில் கரும்பு எண்ணிக்கை 32 முதல் 48 ஆயிரம் வரையே உள்ளது. 56 ஆயிரத்திற்கு விதியை நீட்டினால் சராசரியின் எல்லையே இருபுறமும் 7.5 டன்னாக விரிந்துவிடும். அதுவும் கோடு அங்கேயும் நேராகச் செல்லும் என்று நம்பினால்தான். நெருக்கமான பயிரில் கரும்பு மெலிந்து, கோடு வளைந்துவிடக்கூடும். அவ்வாறே, எண்ணிக்கை மிகுந்த வயல்களில் சிதறலும் மிகுந்திருப்பதாகக் கட்டத்தாளில் தோன்றினால், எல்லா இடத்திற்கும் 3 டன் என்று கொள்வது பொருந்தாது. மேற்கோடியில் எல்லை சொன்னதைவிட அகன்றதாகவே இருக்கும்.

எல்லாவற்றிலும் கவனிக்கத்தக்கது வருஷத்தின் வித்தியாசம். பத்து வயல்களும் ஒரே வருஷத்தவை. மறு வருஷம் பவானிசாகர் அணையில் நீர் குறைந்து வாய்க்காலில் முறை தவறினால், ஊரிலுள்ள கரும்புகள் யாவும் ஒருங்கே எடை குறையும். ஒன்றின் இறக்கத்தை மற்றொன்றின் ஏற்றம் ஈடுசெய்யும் என்னும் ஆதாரம் அப்போது போய்விடுகிறது. கிராம அதிகாரியின் 65 டன் எல்லை முற்றிலும் பொய்யாகும். இதை அறிய, முதலில் வெட்டப்படும் ஐந்து வயல்களின் எடையை விதி சொன்ன மகசூலுடன் ஒப்பிட வேண்டும். சில மேலும் சில கீழும் இருந்தால் விதி இவ்வருஷத்திற்கும் பொருந்தும் எனலாம். ஐந்துமே குறைந்திருந்தால், அது தற்செயலாக நேர்வது ஏறத்தாழ முப்பத்திரண்டில் ஒரு தடவையே. அப்போது பழைய கோட்டை விட்டு, புதிதாக வெட்டிய வயல்களைக் கொண்டே வேறு கோடு அமைக்க வேண்டும்.

ஆகவே மகசூல் எல்லை எதையேனும் எழுதும்போதும் ஏற்கும்போதும், அது எத்தனை வயல்களைப் பற்றியது என்பதை அதன் பக்கத்திலேயே குறிப்பது அவசியம். கடன் பத்திரத்தில் எழுதுவது ஒரு வயலின் கீழெல்லையாகவும், ஊர் அறிக்கையில் எழுதுவது ஊர் வயல்கள் யாவற்றின் எல்லையாகவும் இருத்தல் வேண்டும்.